கடிகாரப் பிழையைக் காட்டிக்கொடுக்கும் வட்டங்கள்

செல்போனில் வரைபடத்தைத் திறந்தால் நாம் நிற்கும் இடத்தில் ஒரு நீலப் புள்ளி வந்து உட்காருகிறது. மேலே சுற்றும் செயற்கைக்கோள் நம்மைப் பார்த்து, நாம் இருக்கும் இடத்தைப் போனுக்குச் சொல்லிவிடுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மை அதுவல்ல. ஜிபிஎஸ் செயற்கைக்கோளுக்கு நம் போன் என்று ஒன்று இருப்பதே தெரியாது. போன் அதற்கு எதையும் அனுப்புவதில்லை; அது சொல்வதைக் கேட்க மட்டும் செய்கிறது.

செயற்கைக்கோள் இடைவிடாமல் சொல்லிக்கொண்டிருக்கும் செய்தி இரண்டே விஷயங்களில் அடங்கும்: 'நான் இப்போது இந்த இடத்தில் இருக்கிறேன், இந்தச் செய்தி என்னிடமிருந்து புறப்பட்ட நேரம் இது.' இப்படிப் பேசும் சில செயற்கைக்கோள்களின் குரலைக் கேட்டு, தான் இருக்கும் இடத்தைப் போன் தானே கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கிறது. அதற்கு வேண்டிய வடிவியல், பள்ளியில் கவராயம் பிடித்து வரையும் வட்டங்கள்தான். ஆனால் அந்த வட்டங்களை வரையப் போனிடம் இருக்கும் கடிகாரமோ நம்ப முடியாத கடிகாரம். அதை வைத்துக்கொண்டு எப்படிச் சில மீட்டர் துல்லியம் கிடைக்கிறது என்பதே இதில் கவனிக்க வேண்டிய சங்கதி.

தாமதம் தூரமாகிறது

மின்னல் வெட்டியதும் எண்ணத் தொடங்கி, இடி கேட்கும்போது நிறுத்திப் பாருங்கள். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். ஆறு நொடி கழித்து இடி கேட்டால், மின்னல் விழுந்த இடம் நம்மிடமிருந்து ஏறக்குறைய 2 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஆனால் எந்தப் பக்கம் என்பதை அந்த எண் சொல்வதில்லை. நம்மை மையமாக வைத்து 2 கி.மீ. ஆரத்தில் ஒரு வட்டம் போட்டால், அதன்மேல் எங்கு வேண்டுமானாலும் அது விழுந்திருக்கலாம். தாமதத்தை வேகத்தால் பெருக்கினால் தூரம். தூரம் தெரிந்தால் ஒரு வட்டம். அவ்வளவுதான் அடிப்படை.

செயற்கைக்கோள் விஷயத்தில் ஒலிக்குப் பதில் ரேடியோ அலை. அது ஒளியின் வேகத்தில், நொடிக்குச் சுமார் 3 லட்சம் கி.மீ. போகிறது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் தரையிலிருந்து சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. நேர் உச்சியில் இருக்கும் ஒன்றின் அலை நம்மை வந்தடைய 0.067 நொடி ஆகும். அடிவானத்தை ஒட்டி இருப்பது இன்னும் தொலைவில் இருப்பதால் 0.086 நொடி வரை ஆகும்.

இவ்வளவு சின்னத் தாமதத்தைப் போன் எப்படி அளக்கிறது? ஒவ்வொரு செயற்கைக்கோளும் தனக்கென்று ஒரு குறித்தொடரை ஒலிபரப்புகிறது. 0, 1 என்ற இலக்கங்கள் 1,023 சேர்ந்த தொடர் அது. ஒரு மில்லி நொடிக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வரும். எந்தச் செயற்கைக்கோளுக்கு எந்தத் தொடர் என்பது போனுக்கு முன்பே தெரியும். அதே தொடரைப் போன் தனக்குள்ளும் உருவாக்கி, வானிலிருந்து வருவதோடு பொருத்திப் பார்க்கிறது. வந்தது தாமதமாக வந்திருப்பதால் இரண்டும் ஒத்துப்போகாது. தன் பிரதியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டே போனால் ஓரிடத்தில் இரண்டும் கச்சிதமாகப் பொருந்தும். எவ்வளவு தள்ள வேண்டியிருந்தது என்பதும், செய்தியில் உள்ள புறப்பட்ட நேரமும் சேர்ந்து மொத்தத் தாமதத்தைத் தருகின்றன.

நம்ப முடியாத கடிகாரம்

இங்கேதான் சிக்கல். தாமதம் என்பது வந்த நேரத்திலிருந்து புறப்பட்ட நேரத்தைக் கழித்தால் வருவது. புறப்பட்ட நேரத்தைச் செயற்கைக்கோளின் அணுக்கடிகாரம் சொல்கிறது. வந்த நேரத்தைச் சொல்ல வேண்டியது போனின் கடிகாரம். போனுக்குள் இருப்பது ஒரு சின்னக் குவார்ட்ஸ் படிகம். அது நாளொன்றுக்கு ஒரு நொடிக்கு நெருக்கமாகக்கூடப் பிசகலாம். பள்ளிக்கூட மணி அடிக்க அது போதும். தூரத்தை அளக்கப் போதவே போதாது. ஒரு நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கான மைக்ரோ நொடியில் ரேடியோ அலை 300 மீட்டர் போய்விடுகிறது. கடிகாரம் ஆயிரத்தில் ஒரு நொடி தவறினால் வட்டத்தின் ஆரம் 300 கி.மீ. தவறும். மதுரையில் இருப்பவர் கடலுக்குள் நிற்பதாகக் காட்டும்.

போனுக்குள் அணுக்கடிகாரம் வைக்கலாமா என்றால், விலையும் எடையும் அதற்கு இடம் கொடுக்காது. ஜிபிஎஸ்ஸை வடிவமைத்தவர்கள் வேறு வழி கண்டார்கள். போன் கடிகாரம் தவறாகவே இருக்கட்டும். எவ்வளவு தவறு என்பதை வட்டங்களையே சொல்லவைத்தார்கள். அது எப்படி என்பதை ஒரு வரைபடத்தாளில் பார்த்துவிடலாம்.

வரைபடத்தாளில் ஒரு தேடல்

தாளில் 1 செ.மீ. என்பது தரையில் 1 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். செயற்கைக்கோள்களுக்குப் பதிலாகச் சமதரையில் மூன்று ரேடியோ கோபுரங்கள். அ கோபுரம் (0, 0) புள்ளியில், ஆ கோபுரம் (18, 3) புள்ளியில், இ கோபுரம் (3, 12) புள்ளியில் நிற்கின்றன. மூன்றின் கடிகாரங்களும் சரியாக இருக்கின்றன. போன் இருக்கும் இடம் (6, 8). இது நமக்குத் தெரியும், போனுக்குத் தெரியாது.

முதலில் போனின் கடிகாரமும் சரி என்றே வைத்துக்கொள்வோம். அப்போது அது அளக்கும் தூரங்கள் முறையே 10, 13, 5 கி.மீ. பிதாகரஸ் தேற்றத்தில் போட்டுச் சரிபார்க்கலாம். அ-வை மையமாக வைத்து 10 செ.மீ. வட்டமும், ஆ-வை மையமாக வைத்து 13 செ.மீ. வட்டமும் போட்டால், இரண்டும் இரண்டு இடங்களில் வெட்டும். ஒன்று (6, 8). இன்னொன்று கீழே (8.3, -5.6) அருகில். இரண்டில் எது என்று இ-யின் 5 செ.மீ. வட்டம் தீர்த்துவைக்கும், அது (6, 8) வழியாக மட்டுமே போகும்.

இப்போது போன் கடிகாரம் 6.67 மைக்ரோ நொடி முந்தி ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அலை வந்த நேரத்தை அது அந்த அளவு தாமதமாகக் குறித்துக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு தூரத்திலும் 2 கி.மீ. கூடிவிடும். போன் கையில் வைத்திருக்கும் எண்கள் 12, 15, 7. இந்த ஆரங்களில் வட்டம் போட்டுப் பாருங்கள். மூன்றும் ஒரு புள்ளியில் சேராது. (5.2, 10.8), (8.8, 8.1), (3.1, 5.0) ஆகிய மூன்று மூலைகள் கொண்ட ஒரு வளைந்த முக்கோணம் நடுவில் மிஞ்சும்.

அந்த முக்கோணம்தான் துப்பு. கடிகாரம் சரியாக இருந்திருந்தால் அது தோன்றியே இருக்காது. மூன்று அளவுகளையும் எடுத்தது ஒரே கடிகாரம். ஆகவே மூன்றிலும் ஏறியிருக்கும் பிழை ஒரே அளவு. எவ்வளவு என்று தெரியாவிட்டாலும், மூன்றிலிருந்தும் ஒரே எண்ணைத்தான் கழிக்க வேண்டும் என்பது தெரியும். 1 கழித்துப் பாருங்கள்: ஆரங்கள் 11, 14, 6 ஆகும், முக்கோணம் சுருங்கும். 3 கழித்தால் 9, 12, 4 ஆகும். ஆ, இ இரண்டின் வட்டங்களும் ஒன்றையொன்று தொடாமலேயே நின்றுவிடும். 2 கழித்தால் மட்டுமே மூன்றும் ஒரே புள்ளியில் வந்து சேரும். அந்தப் புள்ளி (6, 8).

போன் இப்படி ஒவ்வொரு எண்ணாகக் கழித்துப் பார்ப்பதில்லை. கடிகாரப் பிழையையும் தெரியாத ஒரு எண்ணாக வைத்துச் சமன்பாடுகளைத் தீர்க்கிறது. கிழக்கு மேற்காக எவ்வளவு, வடக்கு தெற்காக எவ்வளவு, கடிகாரப் பிழை எவ்வளவு என்று தெரியாதவை மூன்று. மூன்று வட்டங்கள் மூன்று சமன்பாடுகளைத் தருகின்றன. இடம் கிடைக்கும்போதே சரியான நேரமும் கூடவே கிடைத்துவிடுகிறது.

ஏன் நான்கு செயற்கைக்கோள்கள்?

தாளிலிருந்து வானத்துக்குப் போனால் வட்டம் கோளமாகிறது. ஒரு செயற்கைக்கோளிலிருந்து 22,000 கி.மீ. தூரத்தில் இருக்கிறோம் என்றால், அதை மையமாகக் கொண்ட 22,000 கி.மீ. ஆரக் கோளத்தின் மேற்பரப்பில் எங்கோ இருக்கிறோம் என்று பொருள். இரண்டு கோளங்கள் வெட்டிக்கொண்டால் ஒரு வட்டம் மிஞ்சும். மூன்றாவது கோளம் அந்த வட்டத்தை இரண்டு புள்ளிகளில் வெட்டும். அதில் ஒன்று தரையை ஒட்டி இருக்கும். மற்றது விண்வெளியில் எங்கோ தொலைவில் விழும் என்பதால் அதைத் தள்ளிவிடலாம்.

அப்படியானால் மூன்று செயற்கைக்கோள்கள் போதும்போலத் தோன்றுகிறது. கடிகாரம் சரியாக இருந்தால் போதும்தான். ஆனால் இங்கே தெரியாதவை நான்கு: இடத்தைச் சொல்லும் மூன்று எண்களில் உயரமும் சேர்ந்துவிட்டது, அதோடு கடிகாரப் பிழை. தாளில் மூன்று கோபுரம் செய்த வேலையை வானத்தில் செய்ய நான்கு செயற்கைக்கோள்கள் வேண்டும். ஜிபிஎஸ்ஸுக்குக் குறைந்தது 24 செயற்கைக்கோள்கள் வேண்டும் என்று வடிவமைத்ததும் இதற்காகத்தான்: உலகின் எந்த மூலையில், எந்த நேரத்தில் நிமிர்ந்து பார்த்தாலும் நான்காவது வானில் தென்பட வேண்டும்.

செயற்கைக்கோளின் கடிகாரம் தவறினால்?

போனின் கடிகாரப் பிழையைக் கண்டுபிடிக்க முடிந்தது, அது எல்லா வட்டங்களிலும் ஒரே அளவாக இருந்ததால்தான். செயற்கைக்கோளின் கடிகாரம் தவறினால் நிலைமை வேறு. அந்த ஒரு செயற்கைக்கோளின் கோளம் மட்டும் பெரிதாகவோ சிறிதாகவோ ஆகும்; மற்றவை அப்படியே இருக்கும். எல்லாவற்றிலிருந்தும் ஒரே எண்ணைக் கழிக்கும் வித்தை அங்கே பலிக்காது. அதனால்தான் போனுக்குக் குவார்ட்ஸ் போதும். செயற்கைக்கோளுக்கு ரூபிடியம், சீசியம் அணுக்கடிகாரங்கள் வேண்டும். அவற்றையும் தரையிலிருந்து இடைவிடாமல் கண்காணித்து, ஒவ்வொரு கடிகாரமும் எவ்வளவு விலகியிருக்கிறது என்ற திருத்தத்தை அனுப்புகிறார்கள். அந்தத் திருத்தமும் செயற்கைக்கோளின் செய்தியோடு நம் போனுக்கு வந்து சேருகிறது.

இந்தியாவின் நாவிக் அமைப்பு இதை நேரில் கண்டது. அதன் முதல் செயற்கைக்கோளான ஐஆர்என்எஸ்எஸ்-1ஏ, 2013 ஜூலையில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. அதில் ஒன்றுக்கு இரண்டு துணையாக மூன்று ரூபிடியம் கடிகாரங்கள் இருந்தன. மூன்றுமே பழுதாகிவிட்டதாக 2017-இல் இஸ்ரோ அறிவித்தது. செயற்கைக்கோள் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. அலைபரப்பவும் அதனால் முடிந்தது. ஆனால் புறப்பட்ட நேரத்தைச் சரியாகச் சொல்ல முடியாத செயற்கைக்கோளை மையமாக வைத்து யாரும் வட்டம் போட முடியாது. இடம் காட்டும் வேலைக்கு அது உதவாமல் போனது. அதற்கு மாற்றாக 2017 ஆகஸ்டில் அனுப்பியது, ராக்கெட்டின் வெப்பக் கவசம் பிரியாததால் தனக்குரிய சுற்றுப்பாதையை அடையவில்லை. 2018 ஏப்ரலில் அனுப்பிய ஐஆர்என்எஸ்எஸ்-1ஐ அடைந்தது. 2023 மே மாதம் ஏவிய என்விஎஸ்-01 செயற்கைக்கோளில் இந்தியாவிலேயே உருவாக்கிய ரூபிடியம் கடிகாரம் வைத்து அனுப்பப்பட்டது.

ஒரு வட்டத்தில் மட்டும் நுழையும் பிழை

ஒரே ஒரு வட்டத்தைக் கெடுக்கும் பிழைகள் வழியிலும் உண்டு. உயரமான கட்டடங்கள் நிறைந்த தெருவில் செயற்கைக்கோளின் அலை நேராக வராமல், எதிர்க் கட்டடச் சுவரில் பட்டுத் திரும்பி வரலாம். சுற்றி வந்த தூரமும் சேர்ந்துகொள்வதால் அந்தச் செயற்கைக்கோளின் வட்டம் மட்டும் சில பத்து மீட்டர் பெரிதாகிவிடும். நாம் நடந்துகொண்டிருக்க, நீலப் புள்ளி பக்கத்துத் தெருவுக்குத் தாவுவது பெரும்பாலும் இதனால்தான்.

இன்னொன்று, அயனி மண்டலம். சூரிய ஒளி பட்டு மேல்வளியின் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிரிந்து கிடக்கும் அடுக்கு அது. அதைக் கடக்கும்போது செயற்கைக்கோளின் குறித்தொடர் சற்றுத் தாமதமாகிறது. தூரக் கணக்கில் அது சில மீட்டர் முதல் சில பத்து மீட்டர் வரை போகும். அலை சாய்வாக வந்தால் அந்த அடுக்குக்குள் நீண்ட தூரம் பயணம் செய்யும் என்பதால், உச்சியில் இருப்பதற்கும் அடிவானத்தில் இருப்பதற்கும் பிழை வேறுவேறு. பூமியின் காந்த நடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் இந்த அடுக்கின் சேட்டை அதிகம். அந்தக் கோடு தமிழ்நாட்டின் தென்கோடியை ஒட்டிப் போகிறது. அந்தச் சேட்டையை ஆராயவே திருநெல்வேலியில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் ஒன்று இயங்குகிறது. இதற்கு ஒரு மாற்று உண்டு. அயனி மண்டலம் குறைந்த அதிர்வெண் அலையை அதிகமாகவும், கூடிய அதிர்வெண் அலையைக் குறைவாகவும் தாமதப்படுத்தும். ஒரே செயற்கைக்கோளிலிருந்து இரண்டு அதிர்வெண்களில் வரும் அலைகளை ஒப்பிட்டால், எவ்வளவு தாமதம் அங்கே ஏறியது என்பது தெரிந்துவிடும். இப்போதைய செல்போன்கள் பலவற்றில் இந்த இரட்டை அதிர்வெண் வசதி இருக்கிறது.

கூடுதல் வட்டம் எதற்கு?

இப்படி ஒரு வட்டத்தில் மட்டும் நுழைந்த பிழை என்ன செய்யும் என்பதையும் அதே தாளில் பார்க்கலாம். போன் கடிகாரத்தால் கூடிய 2 கி.மீ. அப்படியே இருக்கட்டும். அதற்கு மேல், இ கோபுரத்தின் அலை மட்டும் ஒரு மலைச்சரிவில் பட்டு, அரை கி.மீ. சுற்றி வந்தது என்று வைத்துக்கொள்வோம். போனின் கையில் இப்போது 12, 15, 7.5.

சமன்பாடுகளைத் தீர்த்தால் விடை ஒன்று கிடைக்கத்தான் செய்கிறது. மூன்றிலிருந்தும் 2.2 கழித்தால் வட்டங்கள் மூன்றும் அழகாக ஒரே புள்ளியில் சேருகின்றன. ஆனால் அந்தப் புள்ளி (6.1, 7.7). உண்மையான இடத்திலிருந்து 300 மீட்டருக்கு மேல் விலகிவிட்டது. அரை கி.மீ. பிழையில் ஒரு பங்கைப் போன் தன் கடிகாரத்தின் தலையில் போட்டுவிட்டு, மீதியை நம் இடத்தின்மேல் ஏற்றிவிட்டது. வட்டங்கள் பொருந்திவிட்டதால், தவறு நடந்ததற்கான அடையாளமே இல்லை.

அடையாளம் வேண்டுமென்றால் இன்னொரு கோபுரம் வேண்டும். ஈ கோபுரத்தை (14, 14) புள்ளியில் நிறுத்துங்கள். போனிலிருந்து அதன் உண்மைத் தூரம் 10. கடிகாரப் பிழையோடு போன் அளப்பது 12. அதிலிருந்தும் 2.2 கழித்தால் 9.8 செ.மீ. ஆரம் கிடைக்கும். அந்த வட்டம் (6.1, 7.7) புள்ளியைத் தொடாது; 300 மீட்டருக்கு மேல் இடைவெளி விட்டுப் போகும். ஆக, நான்கில் ஏதோ ஒன்று பொய் சொல்கிறது என்பது தெரிந்துவிடுகிறது. எது என்று நான்கை வைத்துச் சொல்ல முடியாது. ஐந்தாவது ஒன்றும் இருந்தால், ஒவ்வொன்றாக விட்டுவிட்டுப் பார்த்து, எதை விட்டால் மற்ற நான்கும் ஒத்துப்போகின்றன என்று கண்டுபிடித்துவிடலாம்.

வானத்தில் இந்த எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும்: இடம் காண நான்கு, தவறு நடந்திருப்பதை அறிய ஐந்து, தவறியது எது என்று பிடிக்க ஆறு. அமெரிக்காவின் ஜிபிஎஸ்ஸோடு ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டூ ஆகியவற்றையும் செல்போன்கள் சேர்த்துக் கேட்பதால் இருக்கும் பெரிய நன்மை இதுதான். திறந்த வெளியில் இருபதுக்கு மேற்பட்ட வட்டங்கள்கூடப் போனுக்குக் கிடைத்துவிடும். ஒத்துப்போகாதவற்றை அது ஒதுக்கிவிடலாம்.

வட்டங்கள் எந்த அளவுக்கு ஒத்துப்போகின்றன, செயற்கைக்கோள்கள் எப்படிப் பரவி நிற்கின்றன, அலைகள் எவ்வளவு தெளிவாக வருகின்றன என்பதையெல்லாம் வைத்து, தன் விடையை எவ்வளவு நம்பலாம் என்று போன் ஒரு மதிப்பீடு செய்கிறது. வரைபடத்தில் நீலப் புள்ளியைச் சுற்றி வெளிர்நீலத்தில் தெரியும் வட்டம் அதுதான். அது சிறிதாக இருந்தால் புள்ளியை நம்பி அடுத்த திருப்பத்தில் திரும்பலாம். விரிந்து கிடந்தால், அந்த வட்டத்துக்குள் எங்கோ இருக்கிறோம் என்பதற்கு மேல் போனுக்கும் தெரியவில்லை என்று பொருள். அப்போது சுவர் ஓரத்தை விட்டு வானம் அகலமாகத் தெரியும் இடத்துக்கு நகர்ந்து, சற்றுப் பொறுக்க வேண்டும். புதிய செயற்கைக்கோள்களின் குரல் கிடைக்கக் கிடைக்க அந்த வெளிர்நீல வட்டம் சுருங்கும்.

(6, 8) புள்ளியைத் தேடிய அதே தாளில் இன்னொரு சோதனையும் செய்யலாம். மூன்று கோபுரங்களையும் தாளின் ஒரே மூலையில் நெருக்கி வைத்து, ஆரங்களில் ஒரு மில்லிமீட்டரைக் கூட்டியும் குறைத்தும் வரைந்து பாருங்கள். வட்டங்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு போவதால், வெட்டும் புள்ளி ஒரு மில்லிமீட்டருக்குப் பல மில்லிமீட்டர் வழுக்கி ஓடும். குறுகலான சந்தில், தலைக்கு மேலே தெரியும் ஒரு துண்டு வானத்தில் எத்தனை செயற்கைக்கோள்கள் இருந்தாலும் போன் ஏன் தடுமாறுகிறது என்பதற்கு அந்த ஓட்டமே விடை.